திரும்பிப் போகும் பார்சலை வாடிக்கையாளரிடம் சொல்வது: பர்கூர் ஜவுளிக்கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பர்கூரில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்யும் கடைகளில் எங்களுடையதும் ஒன்று. சில்லறைக்கு இணையதளமும் வாட்ஸ்அப்பும் வைத்து வெளியூர்களுக்குப் பார்சல் அனுப்புகிறோம். அனுப்புகைப் பிரிவு என் பொறுப்பு. வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்கு ஒரு பெண் இருக்கிறார். இந்த நிகழ்வில் பேசியது முழுக்க அவர். முடிவுகளை இருவரும் சேர்ந்து எடுத்தோம்.

வாடிக்கையாளர் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர். சொந்த ஊர் பென்னாகரத்தைத் தாண்டி ஒரு கிராமம். தங்கையின் வளைகாப்புக்காக ஒரு புதன்கிழமை இரண்டு சேலை எடுத்தார்: தங்கைக்குப் பச்சைப் பட்டு, அம்மாவுக்குச் சாம்பல் நிறக் காட்டன். மொத்தம் 6,240 ரூபாய். முழுத் தொகையையும் அப்போதே யு.பி.ஐ.யில் கட்டிவிட்டார். வளைகாப்பு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாளில் போய்ச் சேரும் என்று எங்கள் தளத்தில் போட்டிருக்கிறோம், ஆகவே அவருக்கு அவசரம் எதுவும் தெரிந்திருக்காது.

பார்சல் போக வேண்டியது ஊரிலுள்ள அம்மா வீட்டுக்கு. போன் நம்பரோ ஓசூரில் இருக்கும் மகனுடையது. முகவரியில் அப்பா பெயர் இல்லை. கதவு எண் இருக்கும் இடத்தில் ‘மாரியம்மன் கோயில் பக்கம்’ என்று இருந்தது. அந்தப் பின்கோடுக்குள் பல ஊர்கள் வருகின்றன. அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. இப்படிப்பட்ட முகவரிகள் எங்களுக்குத் தினமும் வருகின்றன, பெரும்பாலும் போய்ச் சேரவும் செய்கின்றன. டெலிவரி கொடுப்பவர் போன் போட்டு வழி கேட்டுக்கொள்வார். அந்தப் போன் எடுக்கப்படாதபோதுதான் முகவரியின் குறை வெளியே வரும்.

மூன்று நாள், மூன்று குறிப்பு

வியாழக்கிழமை பார்சல் கிளம்பியது. சேலம் வழியாகத் தர்மபுரி டெலிவரி சென்டருக்கு ஞாயிறன்று போய்ச் சேர்ந்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளும் வெளியே எடுத்துப்போகப்பட்டு மூன்று நாளும் சென்டருக்கே திரும்பியது. எங்கள் கூரியர் பேனலில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் பதிவானது. முதல் நாள் `Customer not reachable`, இரண்டாம் நாள் `Incomplete address`, மூன்றாம் நாள் `Customer refused`. புதன் மாலை ஆறு மணிக்குச் சற்று முன் ஸ்டேட்டஸ் `RTO Initiated` என்று மாறியது. அனுப்பியவருக்கே திருப்ப முடிவாகிவிட்டது என்பது இதன் பொருள்.

முதல் இரண்டு குறிப்புக்குப் பின்னால் நடந்தது பிறகு விசாரித்ததில் தெரியவந்தது. பென்னாகரம் தாண்டிய ஊர்களுக்கு வண்டி பிற்பகலில்தான் போகும். அந்த வாரம் இவருக்கு இரண்டாவது ஷிப்ட். பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரவு பத்தரைக்குத்தான் கைக்கு வரும். திங்களன்று போன் அடித்து ஓய்ந்தது. செவ்வாயன்றும் அதேதான், ஆனால் டெலிவரி கொடுப்பவர் ஊருக்குள் போய் இரண்டு கோயில் பக்கம் விசாரித்திருக்கிறார். மகன் பெயரைச் சொல்லிக் கேட்டதில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஊரில் அவரை வீட்டுப் பெயரில்தான் கூப்பிடுவார்களாம்.

மூன்றாம் நாள் குறிப்புதான் விஷயத்தைப் புரட்டியது. போனில் ஆள் கிடைக்கவில்லை, முகவரி சரியில்லை என்ற காரணங்களுக்குப் பேனலிலேயே ‘மறுபடி முயலுங்கள்’ என்று கேட்க வழி இருக்கிறது. ‘வேண்டாம் என்றார்’ என்று பதிவானால் அந்தப் பொத்தான் மூடிவிடும். வாங்குபவரே மறுத்த பொருளை அவர் வாசலில் மறுபடி கொண்டுபோய் நிறுத்த முடியாது என்பது கூரியரின் கணக்கு.

புதன் மாலை: நம்புவதா, வேண்டாமா?

கேஷ் ஆன் டெலிவரி பார்சலில் ‘வேண்டாம் என்றார்’ என்று வந்தால் நாங்கள் பெரும்பாலும் நம்பிவிடுவோம். மனம் மாறியிருக்கும், கையில் காசு இருந்திருக்காது, பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைத்திருக்கும். இவரோ முழுப்பணம் கட்டியவர். ஆறாயிரத்துச் சொச்சம் கட்டியவர் பொருள் வேண்டாம் என்றால் முதலில் கடைக்குத்தான் போன் போட்டுப் பணத்தைக் கேட்பார். எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. எனவே குறிப்பில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு தர்மபுரி சென்டருக்குப் பேசினோம்.

டெலிவரி கொடுத்தவரே கிடைத்தார். அவர் பொய்யாகக் குறிப்புப் போடவில்லை. புதனன்று கொஞ்சம் முன்னதாகவே, வாடிக்கையாளர் ஷிப்டுக்குள் போகுமுன், ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார். “பார்சல் வந்திருக்குங்க, ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கன்னேன். வேண்டாம்பா, வை போனைன்னுட்டாரு. நான் என்னா பண்றது சொல்லுங்க?” என்றார்.

வாடிக்கையாளர் பக்கமும் இதில் தவறு சொல்ல ஒன்றும் இல்லை. பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, இந்த லிங்கில் போய்ச் சிறு தொகை கட்டுங்கள் என்று வரும் மோசடிச் செய்தி நாடு முழுக்கப் பரவியது. அஞ்சல் துறையின் பெயரில் வந்த அப்படிப்பட்ட எஸ்.எம்.எஸ்.கள் போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே எச்சரித்திருக்கிறது. அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலும் இதைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்கள். தெரியாத நம்பரிலிருந்து ஒருவர் ஓ.டி.பி. கேட்கிறார், கூரியர் நிறுவனம் அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியும் சுருக்கிய லிங்க்கும் அனுப்பியிருக்கிறது. அவர் இரண்டையும் அழித்துவிட்டார். உண்மையான அறிவிப்பும் போலி அறிவிப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. எச்சரிக்கையாக இருந்தவர் என்பதாலேயே அவர் பார்சல் திரும்பியது.

அப்போது மணி ஆறரை. ரிட்டர்ன் மூட்டையை ஏற்றும் வண்டி இரவு ஒன்பது மணிக்குத் தர்மபுரியில் கிளம்பும் என்று சென்டரில் சொன்னார்கள். இந்த இடைவெளி தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. ஸ்டேட்டஸ் மாறினாலும் பொருள் அந்த நிமிடமே நகர்வதில்லை. மூட்டை கட்டி ஸ்கேன் செய்து வண்டியில் ஏற்றும்வரை அதே சென்டரில்தான் கிடக்கும். அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். மூட்டைக்குள் போய்விட்டால் நடுவழியில் யாரும் பிரித்துத் தேட மாட்டார்கள். எங்களுக்கும் நிறுத்தக் கேட்க இடம் இருந்தது, ஆனால் வாங்குபவர் ‘வேண்டும்’ என்று சொன்ன சான்று வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும்.

முதல் செய்தி

அவர் போன் எடுக்கவில்லை. கீழுள்ள செய்தியை கடையின் வாட்ஸ்அப் நம்பரிலிருந்து, அவர் ஆர்டர் பேசிய அதே உரையாடலின் கீழேயே அனுப்பினோம்:

> வணக்கம் அண்ணா. போன புதன்கிழமை நீங்க எடுத்த பச்சைப் பட்டும், அம்மாவுக்கு எடுத்த சாம்பல் கலர் காட்டனும் இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரலை. கூரியர்காரர் மூணு நாள் முயற்சி பண்ணியும் கொடுக்க முடியாததால பார்சலை எங்களுக்கே திருப்பி அனுப்பப் போறாங்க. இன்னிக்கு ராத்திரி 9 மணிக்குத் தர்மபுரியில இருந்து வண்டி கிளம்புது. அதுக்குள்ள ‘வேண்டும்’னு ஒரு வார்த்தை அனுப்பினா நிறுத்தி வைக்கச் சொல்றோம். உங்க பணம் 6,240 ரூபாய் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. இதுக்காக நீங்க எந்தப் பணமும் கட்ட வேண்டாம், லிங்க் எதையும் தொட வேண்டாம், ஓ.டி.பி. யாருக்கும் சொல்ல வேண்டாம். சந்தேகம்னா பில்லுல இருக்கிற கடை நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.

இதில் சேலையின் நிறத்தை முதல் வரியிலேயே வைத்தது வேண்டுமென்றே செய்தது. ஆர்டர் எண்ணைப் போட்டால் அது உண்மையா என்று சரிபார்க்க அவர் பில்லைத் தேட வேண்டும். அம்மாவுக்கு எடுத்த சாம்பல் நிறக் காட்டன் என்பது கடைக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. கடை நம்பரையும் நாங்கள் செய்திக்குள் எழுதவில்லை. செய்தியில் தரும் நம்பரை மோசடிக்காரனும் தருவான். அவர் கையிலிருக்கும் பில்லைப் பார்த்து அவரே கூப்பிடட்டும் என்று விட்டோம்.

பணத்தைப் பற்றிய வரி கீழே போயிருப்பது குறித்து எங்களுக்குள் பேச்சு வந்தது. முன்பணம் கட்டியவர் முதலில் கேட்பது ‘என் காசு என்னாச்சு’ என்பதைத்தான், ஆகவே அது மேலே வர வேண்டும் என்பது என் கருத்து. ஒன்பது மணி என்ற கெடு இருப்பதால் அது முந்த வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் பேசும் அந்தப் பெண் சொன்னார். அவர் சொன்னபடியே போனது. அன்றைக்கு அது சரி என்றே இப்போதும் தோன்றுகிறது. கெடு இல்லாத நாளாக இருந்தால் நான் வரிசையை மாற்றியிருப்பேன்.

ஒன்பது மணி வரை செய்தி படிக்கப்படவே இல்லை. வண்டி போய்விட்டது, ஸ்டேட்டஸ் `RTO In Transit` ஆனது.

இரவு வந்த பதில்

பத்தே முக்காலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. “கட்டின காசுக்கு வர்ற பொருளை நானே வேண்டாம்னு சொல்லுவேனாங்க? ஞாயித்துக்கிழமை வளைகாப்புங்க. இப்ப போயி வண்டி கிளம்புதுன்றீங்க” என்று கோபமாக இருந்தது. அந்த நேரத்தில் தீர்வு எதுவும் சொல்ல முடியாது. எனினும் பதில் இல்லாமல் விட்டால் இரவு முழுக்க அது வளரும். “பார்த்துட்டேங்க அண்ணா. வண்டி கிளம்பிடுச்சு, இனி நடுவுல நிறுத்த முடியாது. வளைகாப்புக்குச் சேலை கிடைக்க என்ன வழின்னு பார்த்துக்கிட்டுக் காலையில பத்து மணிக்கு நானே கூப்பிடறேன்” என்று மட்டும் அந்தப் பெண் எழுதினார். முடியாததை முடியாது என்று அன்றிரவே சொல்லிவிட்டது நல்லது. மறுநாள் பேச்சு நேராக வழிகளிலிருந்து தொடங்கியது.

வியாழன்: வழிகளைத் தேடியது

கூப்பிடுவதற்கு முன் ஸ்டாக் பார்த்தோம். காட்டன் சேலை அதே நிறத்தில் இருந்தது. பச்சைப் பட்டு ஒற்றைப் பீஸ். அது இப்போது சேலம் போகும் மூட்டையில் இருக்கிறது. ‘புதுசா அனுப்பிடறோம்’ என்று ஒரே வரியில் முடிக்க முடியாமல் போனது இதனால்தான்.

ரிட்டர்ன் பார்சல் வழக்கமாகச் சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி ஹப்புக்கு வந்து, அங்கிருந்து பர்கூர் வரும். வாடிக்கையாளரோ சனிக்கிழமை வேலை முடிந்து ஓசூரிலிருந்து ஊருக்குப் போகிறார். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி மூன்றும் ஒரே தேசிய நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன. கிருஷ்ணகிரியைத் தாண்டித்தான் அவர் போயாக வேண்டும். எனவே கிருஷ்ணகிரியில் வைத்தே கொடுக்கலாமா என்று ஹப்பில் கேட்டோம். திரும்பும் பார்சலில் பெறுநர் இப்போது கடைதான். முன்பு யார் பெயருக்குப் போனதோ அவரிடம் அங்கே தர மாட்டார்கள். கடை ஆள் அடையாள அட்டையோடு போய் வாங்கலாம் என்றார்கள். சனிக்கிழமைக்குள் வந்துவிடுமா என்று கேட்டதற்கு, வரலாம் என்றார்கள். எங்கள் அனுபவத்தில் ரிட்டர்ன் மூட்டைக்கு யாரும் அவசரம் காட்டுவதில்லை. புதிதாகப் போகும் பார்சலுக்குத்தான் வண்டியில் முதல் இடம்.

பத்து மணிக்கு, வாடிக்கையாளர் ஷிப்டுக்குப் போகுமுன், அந்தப் பெண் கூப்பிட்டுப் பேசினார். பேசியதை அப்படியே எழுத்திலும் அனுப்பினார். போனில் கேட்டதை வீட்டில் அம்மாவிடமும் தங்கையிடமும் கலந்து பேச வேண்டியிருக்கும். வழிகள் இப்படிப் போயின:

> அம்மா சேலை இங்க ஸ்டாக் இருக்கு, இன்னிக்கே ஸ்பீடு போஸ்ட்ல போட்டுடறோம். அப்பா பேரும் ஊர்ல எடுக்கிற ஒரு போன் நம்பரும் மட்டும் சொல்லுங்க.
>
> பச்சைப் பட்டு ஒண்ணுதான் இருந்துச்சு, அது வந்துக்கிட்டு இருக்கு. சனிக்கிழமைக்குள்ள கிருஷ்ணகிரி வந்துட்டா எங்க ஆள் வாங்கி உங்க கையில கொடுப்பாரு. வரும்னு உறுதி சொல்ல முடியாது. வராமப் போனா என்ன பண்றதுன்னு, அதே மாதிரி பச்சையில வேற மூணு சேலை வீடியோ அனுப்பறேன், தங்கச்சிக்குப் பிடிச்சதை எடுத்து வச்சுடறோம்.
>
> இது எதுவும் வேண்டாம், வெளியில எடுத்துக்கறேன்னாலும் சரி. மொத்தப் பணமும் இன்னிக்கே திருப்பிப் போட்டுடறோம். பார்சல் எங்ககிட்ட வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

பார்சல் பர்கூர் வந்தபின் மறுபடி அனுப்புவது என்ற வழக்கமான வழியை நாங்கள் சொல்லவே இல்லை. வளைகாப்புக்குப் பிறகு வரும் சேலை அவருக்கு எதற்கு?

பணத்தைத் திருப்புவதில் எங்கள் வழக்கம் வேறு. பொருள் கைக்கு வந்து, பிரித்துப் பார்த்த பிறகுதான் பணம் போடுவோம். இதில் அதைத் தளர்த்தியதற்குக் காரணம் உண்டு. வீட்டு வாசலையே தொடாத பார்சல், எனவே உள்ளே பொருள் மாறியிருக்கும் என்ற அச்சம் இல்லை. தளத்தில் சொன்ன ஐந்து நாளும் தாண்டிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அறிவித்த நாளைத் தாண்டி வரும் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போலக் கைமீறிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே அந்தப் பணத்தை நாங்கள் பிடித்து வைப்பதில் அர்த்தமில்லை.

தங்கை வீடியோவைப் பார்த்து 650 ரூபாய் குறைவான ஒரு பச்சைச் சேலையைத் தேர்ந்தெடுத்தார். பழையது வந்தால் அதுவே, வராவிட்டால் இது என்று முடிவானது.

நடந்தது

காட்டன் சேலை சனிக்கிழமை காலையே ஊருக்குப் போய்விட்டது. அப்பா பெயரைப் பார்த்ததும் தபால்காரருக்கு வீடு தெரிந்துவிட்டது. போன் போடவே இல்லை. கிராமங்களில் இருக்கும் கிளை அஞ்சலகத்தின் பலம் இது. ஆனால் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டும் சில நாள் அஞ்சலகத்தில் இருந்துவிட்டுத் திரும்பத்தான் செய்யும்.

பச்சைப் பட்டு சனிக்கிழமை மாலை வரை கிருஷ்ணகிரி வரவில்லை. கடைசி ஸ்கேன் சேலத்திலேயே நின்றிருந்தது. எங்கள் ஆள் மாற்றுச் சேலையோடு கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் போய் நின்றார். இளைஞர் கவரைத் திறந்து, முந்தானையை விரித்து, வீடியோவில் பார்த்த சேலைதானா என்று போனை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். விலை வித்தியாசம் 650 ரூபாயை அங்கேயே அவர் கணக்குக்குப் போட்டோம்.

ஒற்றைப் பீஸ் செவ்வாய்க்கிழமை பர்கூர் வந்தது. கவரின் ஒரு மூலை கிழிந்திருந்தது, சேலைக்குச் சேதமில்லை.

போன செலவு, திரும்பிய செலவு இரண்டையும் கூரியர் எங்கள் கணக்கில் பிடித்தது. ‘வேண்டாம் என்றார்’ என்ற குறிப்பை எதிர்த்துப் புகார் போட்டோம். அழைப்புப் பதிவைக் கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் மறுத்தது உண்மைதான் என்று தள்ளிவிட்டார்கள். பதிவை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் தவறில்லை.

மாற்றியவை

ஆர்டர் படிவத்தில் இப்போது இரண்டு நம்பர் கேட்கிறோம். ஒன்று ஆர்டர் செய்பவருடையது. இன்னொன்று பார்சல் போகும் வீட்டில் பகலில் போன் எடுக்கும் ஆளுடையது. கூரியர் லேபிளில் அச்சாவது இரண்டாவது நம்பர். கிராம முகவரி என்றால் அப்பா பெயரோ வீட்டுப் பெயரோ கட்டாயம்.

பேனலை மாலையில் ஒருமுறை பார்ப்பது என்பது போய், முதல் முயற்சி தவறிய அன்றே வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறோம். இந்த நிகழ்வில் திங்கள் இரவே பேசியிருந்தால் செவ்வாயன்று பார்சல் வீட்டில் இருந்திருக்கும். ஸ்டேட்டஸ் திரும்பிய பின் எழுதும் செய்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குச் சில மணி நேரம்தான் ஆயுள்.

பார்சல் கிளம்பும் அன்றே கடை நம்பரிலிருந்து ஒரு செய்தி போகிறது: எந்தக் கூரியர், டெலிவரி நேரத்தில் ஓ.டி.பி. கேட்பார்களா, கேட்டால் எப்போது சொல்லலாம் என்று. பார்சலைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்லுங்கள், போனில் சொல்ல வேண்டாம் என்பதே நாங்கள் எழுதுவது. டெலிவரி கொடுப்பவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. போனிலேயே வாங்கிக்கொண்டால் அவர்களுக்கு நேரம் மிச்சம். அதற்காக இதை மாற்ற நாங்கள் தயாராக இல்லை.

பொருள் வருமுன் பணத்தைத் திருப்புவதை எல்லோருக்கும் விரிக்கவில்லை. முன்பணம் கட்டிய, வாசலைத் தொடாத, சொன்ன நாள் தாண்டிய பார்சலுக்கு மட்டும் அது. கேஷ் ஆன் டெலிவரியில் திருப்பப் பணமே இல்லை. அங்கே திரும்பும் செய்தியை இன்னும் சுருக்கமாக, ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று மட்டும் கேட்டு அனுப்புகிறோம்.

நிறுத்தி வைக்கும் சான்று சிக்கலுக்கு ஒரு வழி பேசியிருக்கிறோம். ஆர்டரின்போதே ‘மூன்று முறை கொடுக்க முடியாவிட்டால் டெலிவரி சென்டரில் வைக்கலாமா, திருப்பிவிடலாமா’ என்று கேட்டு, அந்தப் பதிலைச் சான்றாக வைத்துக்கொள்வது. தர்மபுரி சென்டர் இரண்டு நாள் வரை வைத்திருக்க ஒப்புக்கொண்டது. கிருஷ்ணகிரியில் இடம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். அங்கே இன்னும் வண்டி கிளம்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டுதான் வேலை நடக்கிறது.